முற்றத்துப் படத்தில் ஒரு மாவுக்கோலம்

மார்கழி பிறந்து பொங்கல் நெருங்கும்போது வாழ்த்துப் படங்கள் வரத் தொடங்கிவிடும். தேக்குத் தூண்கள், நடுவில் வானம் பார்த்த முற்றம், முற்றத்தின் நடுவே பெரிய கோலம். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றினாலும் கோலத்தைப் பார்த்ததும் கண் தயங்கும். இது தரையில் போட்ட கோலம் இல்லை, பிறகு படத்தில் ஒட்டியது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். காரணம் கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் வாசலில் தினமும் கோலம் பார்த்து வளர்ந்த கண் ஏமாறாது.

இந்த வேலை பலருக்குத் தேவைப்படுகிறது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர்கள், காலண்டர் அச்சடிப்பவர்கள், கட்டப்போகும் வீட்டின் மாதிரிப் படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டும் கட்டடக் கலைஞர்கள், பழைய வீட்டின் படத்தைப் பண்டிகைக்கு ஏற்றபடி மாற்றித் தர வேண்டிய ஸ்டுடியோக்காரர்கள் எனப் பட்டியல் நீளும். படம் எடுத்த அன்று அங்கே கோலம் இல்லை. மறுபடி போய்ப் போட்டு எடுக்கவும் வழியில்லை. கையில் இருக்கும் படத்திலேயே கோலத்தைப் போட்டாக வேண்டும்.

பெரும்பாலானோர் செய்வது இதுதான்: எங்கிருந்தோ ஒரு கோலப் படத்தை எடுத்து, வெள்ளைக் கோட்டை மட்டும் பிரித்து, முற்றத்தின் மேல் வைத்து, மேலிருந்து கீழாகக் கொஞ்சம் நசுக்கிவிடுவார்கள். பிழை அங்கேயே நேர்ந்துவிடுகிறது. வாசலில் கோலம் போடுபவர் முதலில் தரையைக் கூட்டித் தெளிக்கிறார், பிறகு புள்ளி வைக்கிறார், அதன் பிறகே இழை இழுக்கிறார். படத்தில் கோலம் போடுவதற்கும் அதே வரிசை பொருந்தும். முதலில் தரையைப் புரிந்துகொள்ள வேண்டும். அடுத்துப் புள்ளிகள் அந்தத் தரையில் சரியாக உட்கார வேண்டும். இழையும் மாவும் வெளிச்சமும் அதற்குப் பிறகுதான்.

தரை சொல்லும் கணக்கு

எடுத்துக்காட்டாக ஒரு முற்றத்தைப் பார்ப்போம். சாம்பல் நிறக் கல் பாவிய தரை. போனைச் செங்குத்தாக, சாய்க்காமல், தரையிலிருந்து 5 அடி உயரத்தில் பிடித்து எடுத்த படம். அகலம் 3000 பிக்சல், உயரம் 4000 பிக்சல். 12 மெகாபிக்சல் போன்களில் வழக்கமாக வரும் அளவு இது. எடுத்தவரின் காலிலிருந்து 8 அடி தள்ளித் தொடங்கி 12 அடியில் முடியும்படி, நான்கு அடிக்கு நான்கு அடிச் சதுரமாக ஒரு கோலம் அங்கே இருக்க வேண்டும்.

வழக்கமான போன் கேமராவின் முதன்மை லென்ஸில் இந்தச் சதுரத்தின் முன்பக்க விளிம்பு ஏறத்தாழ 1500 பிக்சல் அகலத்தில் விழும். பின்பக்க விளிம்பு 1000 பிக்சல்தான். 12 அடியில் இருப்பது 8 அடியில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு தூரம். ஆகவே அதன் அகலமும் ஒன்றரை மடங்கு குறைகிறது. இந்த இரண்டு விளிம்புகளுக்கும் இடையே படத்தில் கிடைக்கும் உயரம் 625 பிக்சல்.

இதுவரை பலரும் ஊகித்துவிடுவார்கள். தவறு நடப்பது சதுரத்தின் நடுக்கோட்டில். நடுக்கோடு தரையில் 10 அடி தூரத்தில் இருக்கிறது. படத்தில் அது 625 பிக்சலின் சரிபாதியில், அதாவது 312இல் வருவதில்லை. முன்பாதிக்கு 375 பிக்சலும் பின்பாதிக்கு 250 பிக்சலும் கிடைக்கின்றன. தரையில் சமமாக இருக்கும் இரண்டு பாதிகள் படத்தில் மூன்றுக்கு இரண்டு என்று மாறிவிடுகின்றன.

அதே சதுரத்துக்குள் அரை அடிக்கு ஒரு புள்ளியாக, ஏழுக்கு ஏழு நேர்ப்புள்ளி வைத்தால் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகத் தெரியும். முன்வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே 98 பிக்சல் இடைவெளி இருக்கும். அதற்கு அடுத்து 88, பிறகு 79, 71, 65 என்று குறைந்து, கடைசி இரண்டு வரிசைகளுக்கு நடுவே 59 பிக்சல்தான் மிஞ்சும். தரையில் எல்லா இடைவெளியும் அதே அரை அடிதான். கோலப் படத்தை வெறுமனே நசுக்கும்போது எல்லா வரிசைகளும் சம இடைவெளியில் நின்றுவிடுகின்றன. கண் தயங்குவது அதனால்தான். பின்வரிசைகள் தரையில் படுக்காமல், பார்ப்பவரை நோக்கி எழுந்து நிற்பதுபோல ஒரு மயக்கம் வந்துவிடுகிறது.

ஓவியர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்து ஆறு நூற்றாண்டு ஆகப்போகிறது. இத்தாலியின் லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில், சதுரக் கற்கள் பாவிய தரையைப் படத்தில் எப்படி வரைவது என்று முறையாக விளக்கினார். வரைந்தது சரிதானா என்று பார்க்க ஓர் எளிய சோதனையும் அதில் இருக்கிறது. தரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நேர்கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு வழியில் உள்ள ஒவ்வொரு சதுரத்தின் மூலைகளையும் தொட்டுக்கொண்டே போனால் தரை சரி. விலகினால் தவறு. ஏழுக்கு ஏழு புள்ளிக் கோலத்துக்கும் இது அப்படியே பொருந்தும். மூலைப் புள்ளியிலிருந்து எதிர்மூலைப் புள்ளிக்குக் கோடு இழுத்தால் நடுவில் உள்ள ஐந்து புள்ளிகளும் அந்தக் கோட்டின் மேலேயே விழ வேண்டும்.

ஆல்பெர்ட்டி கையால் செய்த கணக்கை இப்போது மென்பொருள் செய்துவிடுகிறது. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் Perspective என்ற கருவி இருக்கிறது. Shift+P அழுத்தினால் வந்துவிடும். சதுரமான கோலத்தின் நான்கு மூலைகளையும் படத்தில் அவை விழ வேண்டிய இடங்களுக்கு இழுத்துவிட்டால், உள்ளே இருக்கும் வரிசைகள் 98, 88, 79 என்று தாமாகவே குறைந்துகொண்டு போகும். Scale, Shear போன்ற கருவிகளால் இது முடியாது. அவை எல்லா இடத்தையும் ஒரே அளவில் நசுக்கும் அல்லது சாய்க்கும்.

எனவே முழு வேலையும் நான்கு மூலைகள் எங்கே விழுகின்றன என்பதில் அடங்கியிருக்கிறது. மேலே சொன்ன படத்தில், கோலம் இடவலமாக நடுவில் இருந்தால், பின்மூலைகள் மேலிருந்து 3250ஆவது பிக்சலில், இடமிருந்து 1000, 2000 என்ற இடங்களில் இருக்கும். முன்மூலைகள் 3875ஆவது பிக்சலில், 750, 2250 என்ற இடங்களில் இருக்கும். ஆனால் எல்லாப் படத்துக்கும் இப்படிக் கணக்குப் போட முடியாது. போனைக் கொஞ்சம் கீழே சாய்த்திருந்தாலே எண்கள் மாறிவிடும். அப்போது தரையிலேயே தடயம் தேட வேண்டும்.

கல் பாவிய தரையாக இருந்தால் தடயம் எளிது. கற்களின் இடுக்குகள் ஏற்கெனவே சதுரம் வரைந்து வைத்திருக்கின்றன. ஓர் அடிக் கல் என்றால் நான்குக்கு நான்கு கற்களை எண்ணி, அவற்றின் வெளிமூலைகளைக் குறித்துக்கொண்டால் போதும். கல் அளவு தெரியாவிட்டாலும், கற்கள் சதுரமாக இருந்தால் எண்ணிக்கை ஒன்றே வழிகாட்டும்.

இடுக்கே இல்லாத சிமென்ட் தரைதான் சிரமம். படம் எடுக்கப் போகும்போதே கோலம் வேண்டும் என்று தெரிந்திருந்தால், சாக்பீஸால் தரையில் நான்கு சின்னப் புள்ளிகள் வைத்துவிடுவது நல்லது. நான்கு அடிப் பக்கத்தை அளந்து வைத்தபின் மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 5 அடி 8 அங்குலத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக, ஒன்றுக்கொன்று சமமாக வந்தால் அது உண்மையான சதுரம். முன்பே எடுத்த படமாக இருந்தால் தரையில் கிடக்கும் பாய், திண்ணையின் விளிம்பு, நிலைப்படி போன்றவற்றின் நேர்கோடுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தரையில் ஒரே திசையில் ஓடும் கோடுகளை நீட்டினால் அவை தூரத்தில் ஒரு புள்ளியில் கூடும். கோலத்தின் பக்கக் கோடுகளும் அதே புள்ளியில் போய்க் கூட வேண்டும். வேறு எங்காவது கூடினால் கோலம் தரையோடு ஒட்டாது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. போனின் அல்ட்ரா-வைடு லென்ஸில் எடுத்த சில படங்களில் ஓரத்துக் கோடுகள் வளைந்திருக்கும். வளைந்த தரையின் மேல் நேரான கோலம் எப்படி வைத்தாலும் பொருந்தாது. ஜிம்ப்பின் Filters > Distorts > Lens Distortion மூலம் முதலில் தரையை நிமிர்த்திக்கொள்ள வேண்டும். முடிந்தால் முதன்மை லென்ஸிலேயே எடுப்பது இன்னும் நல்லது.

தட்டையான தாளில் புள்ளியும் இழையும்

சாய்ந்த தரையின் மேல் நேரடியாகக் கோடு வரைய முயல்வது அடுத்த பிழை. கோலத்தை மேலிருந்து பார்ப்பதுபோலத் தட்டையாக வரைந்துவிட்டுத்தான் தரையில் படுக்க வைக்க வேண்டும்.

நான்கு அடிக்கு 2400க்கு 2400 பிக்சலில் ஒரு புதிய படம் திறந்தால் அங்குலத்துக்கு 50 பிக்சல் கிடைக்கும். முன்விளிம்பில் தேவைப்படும் 1500 பிக்சலைவிட இது பெரியது. பெரிதாக வரைந்து சிறிதாக்கினால் கோடு கூர்மையாக இருக்கும். சிறிதாக வரைந்து பெரிதாக்கினால் மசமசப்பாகிவிடும். Image > Configure Grid என்ற இடத்தில் கட்ட அளவை 300 பிக்சல் என்று கொடுத்தால், அரை அடிக்கு ஒரு சந்திப்பு வரும். ஓரத்தில் ஒரு கட்டம் விட்டு உள்ளே வைத்தால் சரியாக ஏழுக்கு ஏழு புள்ளி.

சிக்குக்கோலத்தின் இழை புள்ளிகளைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நடுவே குறுக்கிட்டுச் செல்கிறது. இந்த ஒழுங்கைக் கணினி அறிஞர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டிய ஆய்வுக்கட்டுரை 1974இல், கணினி வரைகலைக்கான ஆய்விதழ் ஒன்றில் வந்தது. ஒரு புள்ளியைச் சுற்றிய இழைத் துண்டை வரைந்துகொண்டு, அதைத் திருப்பியும் நகலெடுத்தும் முழுக் கோலத்தையும் கட்டிவிட முடியும் என்பது படம் வரைபவருக்கும் பயனுள்ள செய்தி. ஜிம்ப்பில் Paths கருவியால் ஒரு சுழியை நன்றாக வரைந்துவிட்டால் மற்றவற்றுக்கு அதையே பயன்படுத்தலாம்.

இழையின் தடிமன் கால் அங்குலம் இருக்கட்டும். தட்டையான தாளில் அது ஏறத்தாழ 12 பிக்சல். அதைத் தரையில் படுக்க வைக்கும்போது என்ன ஆகிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பார்ப்பவரிடமிருந்து விலகி உள்ளே ஓடும் இழை முன்விளிம்பில் 8 பிக்சல் தடிமனாகவும் பின்விளிம்பில் 5 பிக்சலாகவும் இருக்கும். இடவலமாகக் குறுக்கே ஓடும் இழை, தரை சாய்ந்து தெரிவதால், முன்விளிம்பிலேயே 5 பிக்சல்தான். பின்விளிம்பில் அது வெறும் 2 பிக்சல். ஒரே கையால் ஒரே அளவில் இட்ட இழை, திசைக்கும் தூரத்துக்கும் ஏற்ப நான்கு மடங்குவரை வேறுபடுகிறது. சாய்ந்த தரையின் மேல் ஒரே பிரஷ்ஷால் வரைந்தவர் இதைத் தவறவிட்டுவிடுவார். ஒவ்வொரு சுழியும் படுக்கைவாட்டில் மெலிந்தும் நெடுக்குவாட்டில் தடித்தும் தெரிவதுதான் தரையில் கிடக்கும் கோலத்தின் அடையாளம்.

மாவு எப்படி விழுகிறது

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு வழியும்போது அது ஒரே சீராக விழுவதில்லை. இழையின் நடுவில் அடர்த்தியாகவும் ஓரங்களில் கலைந்தும் விழுகிறது. வளைவில் கை சற்று நிதானிக்கும்போது இழை தடிக்கிறது. நேராக விரைந்து இழுக்கும்போது மெலிகிறது. இழை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ஒரு சிட்டிகை கூடுதலாகக் குவிகிறது. கோட்டுக்கு வெளியே அங்கங்கே சில துகள்கள் சிதறிக் கிடக்கின்றன. பச்சரிசி மாவு நைசாக இருப்பதால் ஓரம் மென்மையாக இருக்கும். கடையில் விற்கும் வெள்ளைக்கல் மாவு கொஞ்சம் கொரகொரப்பானது, ஓரம் அதிகம் கலைந்திருக்கும். அரிசியை அரைத்துக் கரைத்துத் துணியால் இடும் மாக்கோலம் முற்றிலும் வேறு. அதில் துகளே கிடையாது, காய்ந்தபின் ஓரம் தெளிவாக இருக்கும். எந்தக் கோலம் வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

மாவின் தன்மையைக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் கோட்டின் மேல் புள்ளி புள்ளியாக நிரப்பிவிடுகிறார்கள். அது உப்பு தூவியதுபோல ஆகிவிடும். காரணம் அளவில் இருக்கிறது. கோலமாவின் ஒரு துகள் அரை மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். நம் படத்தின் முன்விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைப்பது ஒன்றேகால் பிக்சல் மட்டுமே. அப்படியானால் ஒரு துகள் ஒரு பிக்சல்கூட இல்லை. எட்டடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில் தனித் துகள் தெரியவே தெரியாது. தெரிவது துகள்கள் சேர்ந்த சின்னச் சின்னத் திட்டுகளும் கலைந்த ஓரமும்தான்.

அதனால் இழையை இரண்டு அடுக்காக வைப்பது பலன் தரும். கறுப்புப் பின்னணியில், நடுவில் 9 பிக்சல் தடிமனில் முழு வெள்ளைக் கோடு ஒன்று. அதன் கீழே 14 பிக்சல் தடிமனில் பாதி வெண்மையுள்ள கோடு ஒன்று. பிறகு Filters > Noise > Spread என்ற வடிகட்டியை இரண்டுக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அது ஒவ்வொரு பிக்சலையும் சொன்ன தூரத்துக்குள் இடம் மாற்றிப் போடுகிறது. நடுக்கோட்டுக்கு 3 பிக்சல், வெளிக்கோட்டுக்கு 6 பிக்சல் போதும். பிறகு மிக இலேசாக, ஒரு பிக்சல் அளவுக்கு Gaussian Blur கொடுத்தால் தனித் துகள்கள் திட்டுகளாகச் சேர்ந்துகொள்ளும். சிதறலுக்கு வெளிக்கோட்டின் இன்னொரு நகலை எடுத்து, 15 பிக்சல்வரை சிதறவிட்டு, கால்பங்கு அடர்த்தியில் வைக்கலாம். இவை எல்லாம் தட்டையான தாளிலேயே நடக்க வேண்டும். தரையில் படுக்க வைத்தபின் சொரசொரப்பைச் சேர்த்தால் பின்வரிசையில் இருக்கும் மாவும் முன்வரிசை மாவைப்போலவே கொரகொரப்பாகத் தெரியும்.

நிழலுக்குள் நுழையும் வெள்ளை

படுக்க வைத்த கோலத்துக்குத் தூய வெள்ளை நிறம் கொடுப்பதுதான் கடைசிப் பெரிய பிழை. முற்றத்தில் வெளிச்சம் ஒரே சீராக இருப்பதில்லை. பாதித் தரையில் வெயில், பாதியில் தூணின் நிழல். கோலம் இரண்டிலும் பரவிக் கிடக்கும்.

நம் படத்தில் வெயில் படும் கல்லின் வெளிச்ச அளவு, 0 முதல் 255 வரையிலான கணக்கில், 150 என்று வைத்துக்கொள்வோம். நிழலில் கிடக்கும் அதே கல் 70. வெயிலில் மாவு 235 அளவுக்குப் பளிச்சென்று இருக்கலாம். நிழல் கல்லை எந்த விகிதத்தில் மங்கவைக்கிறதோ அதே விகிதத்தில் மாவையும் மங்கவைக்கும். அப்படிக் கணக்கிட்டால் நிழலில் மாவின் அளவு 110தான் வருகிறது. அதாவது நிழலில் விழுந்த வெள்ளை மாவு, வெயிலில் கிடக்கும் வெறுங்கல்லைவிட மங்கலானது. நம் மூளை இதைத் தானாகச் சரிசெய்துகொண்டு எல்லாவற்றையும் வெள்ளை என்று காட்டுகிறது. வரைபவர் அந்த நினைப்பை நம்பி நிழலுக்குள்ளும் பளிச்சென்ற வெள்ளையைப் பூசினால், கோலம் ஒட்டிய ஸ்டிக்கர்போல எழும்பி நிற்கும்.

இதற்கு ஓர் அழகான வழி உண்டு. மாவுக்கு என்று தனி நிறம் தேட வேண்டியதில்லை, தரையையே மாவாக மாற்றிவிடலாம். முற்றத்துப் படத்தின் அடுக்கை நகலெடுக்க வேண்டும். நகலின் நிறத்தைக் குறைத்துச் சாம்பலாக்க வேண்டும். Colors > Levels திறந்து, வலதுகோடி மதிப்பை 255இலிருந்து 163க்குக் கொண்டுவந்தால் நகலில் 150 இருந்த இடம் 235 ஆகும், 70 இருந்த இடம் 110 ஆகும். நிழலின் எல்லை, வெளிச்சம் மெல்லக் குறையும் இடம் எல்லாம் நகலில் அப்படியே இருக்கும். கல்லின் கறைகளும் புள்ளிகளும் மாவின் மேல் தெரியக் கூடாது என்பதால் Filters > Blur > Median Blur கொடுத்து அவற்றை அழிக்கலாம். இந்த வடிகட்டி சின்னக் கறைகளை விழுங்கிவிட்டு, நிழலின் எல்லை போன்ற பெரிய விளிம்புகளை ஓரளவு காப்பாற்றும். பிறகு அந்த வெளுத்த நகலுக்கு ஒரு Layer Mask சேர்த்து, அதில் தயாராக இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலத்தை ஒட்ட வேண்டும். வெள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் வெளுத்த தரை தெரியும். கோலம் வந்துவிட்டது, நிழலும் அதன் மேல் தானாகவே விழுந்துவிட்டது.

செந்நிறத் தரையில் இதைச் செய்யும்போது மட்டும் கவனம் வேண்டும். நகலின் நிறத்தை முழுவதும் எடுக்காவிட்டால் மாவில் இளஞ்சிவப்பு தட்டும். நிழல் பகுதிக்கு வானத்தின் இலேசான நீலத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். படத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று நிழலில் இருந்தால் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

கோலத்துக்குக் கீழே நிழல் விழவைக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். மாவின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். சாய்ந்த காலை வெயிலிலும் அதன் நிழல் நம் படத்தில் ஒன்றிரண்டு பிக்சலைத் தாண்டாது. பத்துப் பிக்சலுக்கு மென்மையான நிழல் போட்டால் கோலம் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி மிதப்பதுபோலத் தெரியும். சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில், வெயில் படும் இடத்தில் மட்டும், ஒரு பிக்சல் அளவுக்கு இலேசான கருமை போதும். நிழலுக்குள் அதுவும் வேண்டாம்.

தரையோடு கோலத்தைப் பிணைக்கும் கடைசி வேலை கற்களின் இடுக்குகளில் இருக்கிறது. மாவு இடுக்குக்குள் இறங்கிவிடும், அங்கே இழை மங்கும் அல்லது அறுந்ததுபோலத் தெரியும். இழை இடுக்கைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் Layer Mask மேல் சின்னப் பிரஷ்ஷால் பாதிக் கறுப்பைத் தொட்டுவிட்டால் போதும். கொஞ்சம் பொறுமை தேவைப்படும் வேலை. ஆனால் இது ஒன்றுதான் இந்தக் கல்லுக்கே போட்ட கோலம் என்பதைக் காட்டுகிறது. அதிகாலைப் படமாக இருந்தால் தண்ணீர் தெளித்த ஈரமும் இருக்கும். கோலத்தைச் சுற்றித் தரை ஒழுங்கற்ற விளிம்போடு சற்றுக் கருத்திருக்கும். Multiply முறையில் ஓர் அடுக்கு சேர்த்து, கோலத்தைவிட ஓரடி பெரிதாக, இலேசான கருமையைக் கைப்போக்கில் பூசலாம். கோலத்துக்குக் கீழே அந்த அடுக்கு இருக்க வேண்டும்.

முடிந்ததும் படத்தைத் திரையில் 100 சதவீத அளவில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலத்தின் பின்வரிசை அருகில் இருக்கும் கல்லைவிடக் கூர்மையாகத் தெரிந்தால் அரைப் பிக்சல் மங்கவைக்க வேண்டும். கல்லில் கேமராவின் சன்னமான இரைச்சல் இருந்து, கோலத்தில் இல்லாவிட்டால் கொஞ்சம் சேர்க்க வேண்டும். பிறகு ஆல்பெர்ட்டியின் மூலைவிட்டச் சோதனை.

இந்த முறைக்கு எல்லை உண்டு. தரைக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்த படங்களில் துகள்கள் தனித்தனியாகத் தெரியும். அங்கே வடிகட்டிகளால் செய்த மாவு பொய் என்று உடனே தெரிந்துவிடும். அந்த மாதிரிப் படத்துக்குக் கையால் இட்ட கோலம்தான் வழி. கறுப்பு சார்ட் தாளில் கோலமாவால் கோலத்தைப் போட்டு, நல்ல வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுத்து, Perspective கருவியின் Corrective திசையில் அதைச் சரியான சதுரமாக நிமிர்த்திக்கொள்ளலாம். கறுப்புத் தாளில் வெள்ளை மாவு என்பதால் அந்தப் படத்தையே நேராக Layer Mask ஆக வைத்துவிடலாம். கோலம் போட்டவரின் கைவாக்கும் நிதானித்த இடமும் சிதறிய துகளும் அதிலேயே வந்துவிடும். கவனிக்க வேண்டியது அளவு ஒன்றைத்தான். இரண்டடித் தாளில் போட்ட கோலத்தை முற்றத்தில் நான்கடியாக விரித்தால் துகள்களும் இரண்டு மடங்காகிவிடும், இழையும் தடித்துவிடும். தாள்களை ஒட்டி நான்கடிக்கே போடுவது நல்லது. இடமில்லை என்றால் நைசான பச்சரிசி மாவை எடுத்துக்கொண்டு, இழையையும் பாதித் தடிமனில், அரைக்கால் அங்குலத்தில் இழுத்தால் விரித்தபின் அளவு ஏறத்தாழச் சரியாக வரும்.